வீட்டு டேப்பும் எடை மெஷினும்: குளிர் ஊரில் அளப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் மருத்துவமனையில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் அக்கம்பக்கத்தில் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் அளந்து எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த எண்களைப் பார்த்துத்தான் சிலர் மனம் உடைந்துபோகிறார்கள், சிலர் மாத்திரையைக்கூட விட்டுவிடுகிறார்கள். அதனால் வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"சிஸ்டர், செப்டம்பரில் 94 செ.மீ. இருந்த வயிறு ஜனவரியில் 97.5 ஆகிவிட்டது. தினமும் நடக்கிறேன், சோறும் குறைத்துவிட்டேன். அப்புறம் எப்படி ஏறும்?"

ஏறவில்லை. இதைக் கேட்டவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். முகம் வாடி வந்து நின்றார். எப்படி அளந்தீர்கள், அதே மாதிரி ஒருமுறை செய்து காட்டுங்கள் என்றேன்.

ராத்திரி எட்டரை மணி. சாப்பிட்டு முடித்துத்தான் வந்திருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே சட்டை, அதற்குள் தெர்மல். டேப்பை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் முன்னால் சேர்த்தார். 97.5 வந்தது. நோட்டில் இருந்த அதே எண். அவர் தவறாகப் படிக்கவில்லை. ஆனால் அவர் அளந்தது வயிற்றை மட்டும் இல்லை.

முதலில் துணியை எடுத்துக்கொள்வோம். டேப் அழுத்திய பிறகும் தெர்மலும் சட்டையும் சேர்ந்து சுமார் 3 மில்லிமீட்டர் கனம் இருந்தது. வட்டமான ஒன்றின் மேல் ஒரு உறை போட்டால், உறையின் கனத்தைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றளவு ஏறும். கணக்கு இதுதான்: 2 × 3.14 × 0.3 = 1.9 செ.மீ. ஒல்லியானவருக்கும் குண்டானவருக்கும் இதே 1.9தான், ஆளின் அளவு இதில் வரவே வராது. பலர் இதை நம்புவதில்லை. 3 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கனம் உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கிறது.

இரண்டாவது, டேப்பின் சாய்வு. முன்னால் தொப்புள் மட்டத்தில் இருந்த டேப், முதுகில் ஏறக்குறைய 4 செ.மீ. கீழே இறங்கியிருந்தது. சாய்ந்த வட்டம் படுக்கை வட்டத்தைவிட நீளம். அந்தச் சாய்வுக்கு அரை செ.மீ. போல கூடும். சட்டையைத் தூக்கச் சொல்லி, டேப்பை மட்டமாக்கி நானே அளந்தேன். 95.1 வந்தது.

மிச்சம் இருந்தது நேரம். மறுநாள் காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, டீ குடிக்கும் முன் மனைவியை வைத்து வெறும் உடம்பில் மூன்று முறை அளக்கச் சொன்னேன். 93.6, 94.2, 93.9. சராசரி 93.9. அதாவது சாப்பாடும் பகல் முழுக்கச் சேர்ந்த வயிற்று உப்பலும் 1.2 செ.மீ. துணி 1.9, சாய்வு 0.5, நேரம் 1.2. கூட்டினால் 3.6. 97.5க்கும் 93.9க்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

சரி, செப்டம்பரில் எழுதிய 94? அது காலையில், மெல்லிய பனியன் மேல் அளந்தது. பனியன் 1 மில்லிமீட்டர் என்று வைத்தால் 0.6 கழிய வேண்டும், 93.4 ஆகும். அப்படியானால் நான்கு மாதத்தில் அரை செ.மீ. ஏறிவிட்டாரா? ஒரே காலையில் எடுத்த மூன்று அளவுகளே தங்களுக்குள் 0.6 வித்தியாசப்பட்டன. அதைவிடச் சின்ன மாற்றத்தை ஏற்றம் என்றும் சொல்ல முடியாது, இறக்கம் என்றும் சொல்ல முடியாது. நோட்டில் "மாற்றம் தெரியவில்லை" என்று எழுதச் சொன்னேன்.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. எல்லாப் பிழையையும் கழித்த பிறகும் அவர் 93.9. டேப்பில் தவறு இருந்தது என்பதால் அந்த எல்லை தள்ளிப்போகாது. நடையை விடவே கூடாது.

"உறைபனி நாளில் காலையில் சட்டையைக் கழற்றச் சொல்கிறீர்களே! துணி மேலேயே அளந்துவிட்டு 2 செ.மீ. கழித்துக்கொண்டால் போதாதா?"

போதாது. மழை நாளில் பச்சைத் தேயிலை எடை போடும்போது ஈரத்துக்கு ஒரு கழிவு போடுவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். இலையில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை அந்தக் கழிவு சொல்லாது, அது ஒரு குத்துமதிப்பு. துணிக்குக் கழிப்பதும் அதே மாதிரிதான். துவைத்துத் துவைத்து தெர்மல் மெலிந்துபோகும், புதிது வாங்கினால் கனம் கூடும், மடிப்பு விழுந்த இடத்தில் இரட்டிப்பாகும். இன்று கழித்த 2 செ.மீ. போன வாரம் 1.5 ஆக இருந்திருக்கலாம்.

சட்டை முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. ஸ்வெட்டரோடு சேர்த்து ஒரு கை அகலம் மேலே தூக்கினால் போதும், வேலை அரை நிமிடம். அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம். குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து நடுங்கினால் அந்த அளவும் கெட்டுவிடும், அதனால் வெதுவெதுப்பான இடமே நல்லது. வெறும் உடம்பில் முடியவே முடியாது என்பவர்கள் அளப்பதற்கென்றே ஒரு மெல்லிய பனியனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜ அளவைவிட அரை செ.மீ. போல எப்போதும் கூடுதலாகத்தான் வரும், ஆனால் மாதா மாதம் அதே அளவு கூடுதல் என்பதால் மாற்றம் சரியாகத் தெரியும்.

"டேப்பை எங்கே சுற்றுவது? தொப்புளிலா, பேண்ட் கட்டும் இடத்திலா?"

இரண்டிலும் இல்லை. தொப்புள் தொப்பையோடு சேர்ந்து கீழே இறங்கும். பேண்ட் கட்டும் இடம் பேண்டுக்குப் பேண்ட் மாறும். எலும்பு மாறாது. அக்குளிலிருந்து நேர்கீழே விரலால் தடவிக்கொண்டு வாருங்கள். விலா எலும்பு முடியும் இடம் ஒன்று, அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, டேப் அந்தப் புள்ளிகள் மேல் போகும்படி சுற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடமும் இதுதான்.

டேப் தோலைத் தொட வேண்டும், பள்ளம் பண்ணக் கூடாது. எடுத்த பிறகு தோலில் கோடு தெரிந்தால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, அந்த முடிவில் படியுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தால் அன்றன்று எவ்வளவு காற்று உள்ளே இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி எண் ஆடும். என் அனுபவத்தில் ஒரே ஆளுக்கு 2 செ.மீ. வரை ஆடியிருக்கிறது.

"கண்ணாடி போட்டும் எண் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் தப்பா?"

தப்புதான், அதுவும் பெரிய தப்பு. குனிந்த உடனே வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு மடியும், முதுகுப் பக்கம் டேப் நழுவும். தனியாக இருக்கும் பெண்கள் பலருக்கு எண் தாறுமாறாக வருவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். இரண்டு கால்களும் சேர்ந்து, எடை இரண்டிலும் சமமாக, பார்வை நேரே இருக்க வேண்டும்.

அப்படியானால் படிப்பது எப்படி? டேப்பின் முனை வந்து சேரும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் பிடியுங்கள். பிடியை விடாமல் டேப்பை உருவி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். குனிய வேண்டாம், அவசரம் வேண்டாம். முதுகில் டேப் மட்டமாக இருக்கிறதா என்று பீரோ கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

படித்ததை அப்படியே எழுதுங்கள். 93.6 வந்தால் 93.6. ஒரு நோட்டில் எல்லா எண்ணும் 90, 95 என்றோ 92.5 என்றோ முடிந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும், கண் தனக்கு வசதியான கோட்டுக்கு எண்ணை இழுத்திருக்கிறது என்று.

"அம்மா காலத்து தையல் டேப் இருக்கிறது. அதை வைத்து அளக்கலாமா?"

முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள். கொத்தனாரோ ஆசாரியோ வைத்திருக்கும் இரும்பு டேப்பைப் பக்கத்தில் நீட்டி, இரண்டின் பூஜ்யத்தையும் ஒன்றாக வைத்து, 100 செ.மீ. கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். துணி டேப் பல வருடத்தில் இழுபட்டு நீண்டிருக்கும். நீண்டுபோன டேப் குறைத்துக் காட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதன் 100 உண்மையில் 101இல் விழுந்தால், அது 88 என்று காட்டும் இடுப்பு கிட்டத்தட்ட 88.9. முனையில் தகரம் கழன்று போயிருந்தாலும் பூஜ்யம் நகர்ந்திருக்கும். எண் அழியாத புது டேப் ஒன்று வாங்கி, அதையும் இதே மாதிரி ஒருமுறை சோதித்துவிட்டு, மருந்து டப்பாவிலேயே போட்டுவையுங்கள்.

"காலையில் 68, ராத்திரி 69.5 கிலோ. எதை எழுதுவது?"

இரண்டுமே நிஜம். காலை எண்ணை எழுதுங்கள். ராத்திரி எண்ணில் அன்று சாப்பிட்ட, குடித்த எல்லாம் சேர்ந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எழுந்தவுடன் குடிக்கும் பெரிய டம்ளர் டீயே கால் கிலோவுக்குப் பக்கம். எழுந்து, சிறுநீர் போய்வந்து, எதையும் குடிக்காமல் ஏறுவதுதான் தினமும் ஒரே மாதிரி அமையக்கூடிய நேரம்.

எங்கள் ஊரில் இதோடு துணியும் சேரும். கம்பளிச் சால்வை, ஸ்வெட்டர், குல்லா, கனமான சாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். என்னுடையது 1.7 கிலோ வந்தது. பனி தொடங்கும் மாதத்தில் "எடை ஏறிவிட்டது" என்று வந்த பலருக்கு ஏறியது கம்பளிதான்.

கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறினாலும் பயப்பட வேண்டாம். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னால் நீர் சேர்ந்து எடை ஏறுவது உண்டு. அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நியாயம். ஆனால் இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எடை மளமளவென்று ஏறி, கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அதை அளவுப் பிழை என்று ஒதுக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

"மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றிலும் 68.4. என் மெஷின் அவ்வளவு துல்லியமா?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வீட்டு டிஜிட்டல் மெஷின்கள் சிலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. புது அளவு முந்தையதற்குப் பக்கத்தில் இருந்தால், பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும். ஏறுகிறவருக்கு எண் ஆடாமல் இருந்தால் நிம்மதி என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் சராசரி எடுப்பவருக்கு இது ஒரு கண்ணி. நீங்கள் மூன்று முறை அளக்கவில்லை, ஒரே அளவை மூன்று முறை படித்திருக்கிறீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏறி எண்ணைப் பாருங்கள். இறங்கி, 200 மில்லி தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள். 68.6 காட்ட வேண்டும். 68.4ஐயே காட்டினால் மெஷின் பழையதை ஞாபகம் வைத்திருக்கிறது. அப்போது ஒவ்வொரு அளவுக்கும் நடுவில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்குங்கள். எண் வெகுவாக மாறியதும் பழைய ஞாபகம் போய்விடும், அடுத்தது புது அளவாக வரும்.

"எத்தனை தடவை அளந்து சராசரி எடுப்பது? சராசரி எடுத்தால் பிழை போய்விடுமா?"

ஒரு வகைப் பிழை குறையும், இன்னொரு வகை அப்படியே இருக்கும். மூச்சு, நிற்கும் விதம், டேப்பின் இறுக்கம், நேற்றைய உப்பு, இவையெல்லாம் ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டும். கூட்டி வகுக்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நான்கு அளவின் சராசரியில் இந்த ஆட்டம் பாதியாகும், அதையும் பாதியாக்க வேண்டுமென்றால் பதினாறு அளவு வேண்டும். ஆனால் நீண்டுபோன டேப், தெர்மல், ஒரு கிலோ கூட்டிக் காட்டும் மெஷின் எல்லாம் எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும். நூறு முறை அளந்தாலும் சராசரிக்குள் அந்தப் பிழை முழுசாக உட்கார்ந்திருக்கும்.

இடுப்புக்கு இரண்டு முறை போதும். டேப்பை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி புதிதாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 செ.மீ.க்குள் என்றால் சராசரியை எழுதுங்கள். மேலே போனால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு பிடிக்காததை மட்டும் திரும்ப அளப்பது மனித இயல்பு, எனக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. அதற்கு இடம் கொடுத்தால் சராசரி உங்கள் விருப்பத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

எடைக்கு ஒரே காலையில் பலமுறை ஏறுவதில் பெரிய பயன் இல்லை. உடம்பு நாளுக்கு நாள் ஆடுவதுதான் பெரிய ஆட்டம். ஆகவே ஏழு காலைகளின் சராசரி எடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் நோட்டிலிருந்து இரண்டு வாரம் இதோ.

முதல் வாரம் 68.4, 68.9, 68.1, 69.3, 68.6, 68.2, 68.5. கூட்டினால் 480.0, ஏழால் வகுத்தால் 68.57. இரண்டாம் வாரம் 68.0, 68.3, 68.8, 67.9, 68.2, 68.5, 67.8. கூட்டினால் 477.5, சராசரி 68.21. முந்நூற்று அறுபது கிராம் இறங்கியிருக்கிறது. சந்தோஷப்படலாமா?

ஏழு அளவு இருக்கும்போது ஒரு எளிய கணக்கு உண்டு. அந்த வாரத்தின் அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து ஏழால் வகுத்தால், சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். முதல் வாரம் 69.3இலிருந்து 68.1 போனால் 1.2, ஏழில் ஒரு பங்கு 0.17. இரண்டாம் வாரம் 1.0, அதில் 0.14. இரண்டில் பெரியதை மூன்றால் பெருக்குங்கள், 0.51. இரண்டு வாரச் சராசரிக்கும் இடைவெளி இதைத் தாண்டினால் மாற்றம் என்று நம்பலாம். 0.36 தாண்டவில்லை. அக்காவிடம் "இறங்குவது போலத் தெரிகிறது, இன்னும் உறுதியில்லை, இரண்டு வாரம் பொறுங்கள்" என்றேன். நான்காம் வாரச் சராசரி 67.7 வந்தது, ஆட்டம் முன்பு போலவே. முதல் வாரத்திலிருந்து 0.87 இறக்கம். அப்போதுதான் இருவரும் நம்பினோம்.

நடுவில் ஒருநாள் 86.4 என்று எழுதியிருந்தால் அது 68.4ஐ மாற்றி எழுதியது. அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள், அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ஆனால் 69.3ஐ அடிக்கக் கூடாது. அது பிடிக்காத எண், தப்பான எண் இல்லை.

"ஊட்டியில் நின்றால் எடை குறைவாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?"

உண்மைதான், ஆனால் உங்கள் மெஷினுக்குத் தெரியாத அளவு. ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம். பூமியின் இழுப்பு அங்கே கொஞ்சம் குறைவு. 70 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 50 கிராமுக்குள்தான் வரும். வீட்டு மெஷின் 100 கிராமுக்கு ஒரு படி. மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் ஏறியபோது இரண்டு கிலோ வித்தியாசம் என்றால் அது மெஷினும் மெஷினும் ஒத்துப்போகாததுதான்.

"எங்கள் வீடு பழைய பலகைத் தரை. அதில் வைக்கலாமா?"

வேண்டாம். மெஷினின் எடையறியும் பாகங்கள் நாலு காலிலும் இருக்கின்றன. பலகை வளைந்தாலும், அடியில் கம்பளம் இருந்தாலும் எண் மாறும். சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில், மூலையை அழுத்தினால் ஆடாத ஓர் இடம் பார்த்து அங்கேயே வையுங்கள். இடம் மாற்றினால் முதல் எண்ணை விட்டுவிடுங்கள், பல மெஷின்களில் பூஜ்யம் அப்போதுதான் நிலைக்கும். மூடி இறுக்கிய 10 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். கேனின் எண் மாறினால் மாறியது மெஷின்.

"பையன் பள்ளிக்கூடத்தில் 141 செ.மீ., வீட்டுச் சுவரில் 139.5. குறைந்துவிட்டானா?"

இல்லை அம்மா. படுத்து எழுந்ததும் முதுகுத்தண்டின் தட்டுகள் ஊறி உயரமாக இருக்கும். நின்று, நடந்து, பை சுமந்து மாலைக்குள் 1 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் குறைவது எல்லோருக்கும் நடக்கும், அதில் பெரும்பகுதி காலையின் முதல் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அதோடு பள்ளியில் ஷூ போட்டிருந்தானா என்றும் கேளுங்கள். வீட்டில் அளக்கும்போது வெறுங்காலோடு குதிகால் சுவரைத் தொட, தாடையைத் தூக்காமல் நேரே பார்க்கச் சொல்லுங்கள். தலைமேல் பென்சிலைச் சாய்த்துக் கோடு போடாமல், கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு விளிம்பைச் சுவரோடு ஒட்டி வைத்து, அது தலையைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். தேதியோடு மணியையும் எழுதி, மூன்று மாதம் கழித்து அதே மணிக்கு அளந்தால் போதும்.